மூன்று வருட வேலைக்கு ஜோகன்னஸ்பர்க்: கார் வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடம்தான் இருக்கப் போகிறேன். சொந்தமாக வாங்கலாமா, லீஸுக்கு எடுக்கலாமா?

ஒரு வருடத்துக்கு மேல் இருப்பது உறுதி என்றால் இரண்டு மூன்று வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் திரும்ப வாய்ப்பிருந்தால் வாடகைக்கு எடுங்கள். எப்படியிருந்தாலும் முதல் மூன்று மாதம் வாடகைக் கார்தான். அது ஏன் என்பதை மூன்றாம் கேள்வியில் சொல்கிறேன்.

இங்கே வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் மாதத் தவணையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். கடைசி மாதத்தில் அந்தக் காரை எப்படிக் கையிலிருந்து விடப் போகிறோம், விடும்போது நாம் கொடுப்போமா வாங்குவோமா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. லாபமும் நஷ்டமும் அந்த மாதத்தில்தான் இருக்கிறது.

ஒரு இடத்தில் "லீஸ்" என்கிறார்கள், இன்னொரு இடத்தில் "ரென்டல்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தென்னாப்பிரிக்காவில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு சட்டமே நிற்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில் "லீஸ்" என்றால், தவணைகள் முடிந்ததும் வண்டி உங்கள் பெயருக்கு வந்துவிடுகிற ஒப்பந்தம். அதாவது அதுவும் ஒருவகைக் கடன்தான். வங்கியில் சாதாரணமாகத் தருகிற "இன்ஸ்டால்மென்ட் சேல்" அதற்கு அண்ணன் தம்பி முறை.

மாதாமாதம் பணம் கட்டி, கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுப்பது ரென்டல். அது கடன் இல்லை என்பதால் கடன் சட்டத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் உண்டு. நம் ஊர்க்காரர்கள் மனதில் "லீஸ்" என்று நினைப்பது பெரும்பாலும் இந்த ரென்டலைத்தான். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "கடைசித் தவணை கட்டிய மறுநாள் வண்டி யாருடையது?" பதிலை வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வந்த வாரமே வாங்கிவிட முடியாதா? பணம் கையில் இருக்கிறது.

பணம் இருந்தாலும் எண் வேண்டும். இங்கே வண்டியைப் பதிவு செய்ய உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கிறார்கள். அது இல்லாத வெளிநாட்டவர் "டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர்" என்ற ஒன்றை வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, இங்குள்ள முகவரிக்கான சான்று, புகைப்படங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆகலாம். முகவரிச் சான்றே வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கிடைக்கும். வங்கிக் கடன் என்றால் சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு வேண்டும்.

அதனால்தான் முதல் மூன்று மாதம் வாடகைக் கார் என்றேன். மாதாமாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஒப்பந்தமாக எடுங்கள். வந்திறங்கிய களைப்பில் 36 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் ஊரும் பழகிவிடும், எந்த ஏரியாவில் வீடு, அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்துவிடும். வண்டி ஓட்டுவது நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் என்பது ஒரு ஆறுதல்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

சரி. மிட்ராண்டில் வீடு, சாண்ட்டனில் அலுவலகம், கம்பெனி இடமாற்ற விசாவில் வந்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த விசாவுக்கு உச்சவரம்பு நான்கு வருடம், நீட்டிப்பு கிடையாது. ஆகவே கிளம்பும் தேதி முன்கூட்டியே தெரிந்தது போலத்தான். விலைகள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கிற விலையைப் போட்டு இதே வரிசையில் பாருங்கள்.

அவர் 2,00,000 ரேண்டுக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக் பார்க்கிறார். கையிலிருந்து 40,000 கட்டிவிட்டு, மீதி 1,60,000 ரேண்டை 13 சதவீத வட்டியில் 36 மாதத் தவணைக்கு வாங்குகிறார். மாதத் தவணை ஏறக்குறைய 5,390 ரேண்ட். மூன்று வருடத்தில் தவணை மட்டும் 1,94,000. ஆரம்பக் கட்டணம், மாதம் 69 ரேண்ட் சேவைக் கட்டணம் என்று வங்கி எடுப்பது இன்னொரு 3,700. இன்சூரன்ஸ் மாதம் 1,100 என்று வைத்தால் 39,600. சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 25,000. கையிலிருந்து போனது மொத்தம் 3,02,300 ரேண்ட்.

இப்போது கார் இருக்கிறதே. கிளம்பும் வாரம் அவசரத்தில் விற்றால் 1,05,000 கிடைக்கிறது என்று வைப்போம். நிகரச் செலவு 1,97,300. இரண்டு மாதம் முன்னாடியே விளம்பரம் போட்டு நேரடி ஆளுக்கு விற்றால் 1,20,000 வரும். அப்போது செலவு 1,82,300.

அதே அளவு காரை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 7,000 ரேண்டுக்கு வாடகைக்கு எடுத்தால் 36 மாதத்தில் 2,52,000. கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. வாங்கியவர் அவசரமாக விற்றாலும் ஏறத்தாழ 55,000 ரேண்ட் மிச்சம்.

இதே கணக்கை ஒரு வருடத்துக்குப் போடுங்கள். முன்பணம் 40,000, பன்னிரண்டு தவணை 64,700, வங்கிக் கட்டணம் 2,000, இன்சூரன்ஸ் 13,200, சர்வீஸ் 6,000. அப்புறம் வங்கிக்கு இன்னும் பாக்கி 1,13,400. ஒரு வருடம் ஓடிய வண்டியை 1,55,000க்கு விற்றால் நிகரச் செலவு 84,300. வாடகை என்றால் 84,000. இரண்டும் ஒன்றாகிவிட்டது, விற்கிற தலைவலி மட்டும் வாங்கியவருக்கு மிச்சம். "ஒரு வருடம்" என்று ஆரம்பத்தில் சொன்னது இதிலிருந்து வந்ததுதான்.

பலூன் போட்டால் மாதத் தவணை ரொம்பக் குறைகிறது என்கிறார் டீலர். எடுக்கலாமா?

விலையில் ஒரு பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதுதான் பலூன். ஐந்து வருடம் இருந்து, கடைசியில் அந்தத் தொகையைக் கட்டவோ மறுகடன் வாங்கவோ போகிறவருக்கு அதில் ஏதாவது பொருள் இருக்கலாம். நடுவில் கிளம்புகிறவருக்கு அது பள்ளம்.

அதே 2,00,000 ரேண்ட் கார். முன்பணம் இல்லை, 60 மாதம், 30 சதவீத பலூன், அதாவது 60,000. வட்டி அதே 13. மாதத் தவணை 3,835 ரேண்டுக்கு இறங்குகிறது. 5,390 எங்கே, இது எங்கே! டீலர் மேசையில் இந்த எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவைத் தேடும்.

மூன்று வருடம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வங்கிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி? ஏறக்குறைய 1,27,000. வண்டி விற்பது 1,05,000க்கு. 22,000 ரேண்டைக் கையிலிருந்து போட்டால்தான் வண்டியையே விற்க முடியும். முன்பு சொன்ன முறையோடு ஒப்பிட்டால் மூன்று வருடத்தில் 31,000 ரேண்ட் கூடுதல். தவணை குறைந்ததற்கான விலை அது.

கடன் காலத்தை விசா முடியும் தேதிக்குள் வைக்கச் சொல்லி வங்கி வற்புறுத்தினால் வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு அது நல்லதுதான். ஐந்து வருட விசா வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு 60 மாதம் கிடைத்துவிடும். எத்தனை மாதம் இருப்பீர்களோ அத்தனை மாதத்துக்குத் தவணை போடுங்கள்.

"கேரண்டீட் ஃபியூச்சர் வேல்யூ" என்று கார் கம்பெனிகள் தருவது பலூனின் நல்ல தம்பி. கடைசித் தொகையைக் கட்டாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுதித் தருகிறார்கள். ஆனால் குறிப்பிட்ட தேதியில்தான், குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள்தான், வண்டி அவர்கள் சொல்கிற நிலையில் இருந்தால்தான். உங்கள் கிளம்பும் தேதி அதோடு பொருந்தினால் யோசிக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் எங்கே மாட்டிக்கொள்வோம்?

முதலாவது, கிலோமீட்டர். மாதம் 1,500 என்று கட்டுப்பாடு வைத்தால் வாடகை கவர்ச்சியாக இருக்கும். மிட்ராண்டிலிருந்து சாண்ட்டன் போய் வர 50 கிலோமீட்டர், மாதத்துக்கு 22 நாள் என்றால் 1,100 போயிற்று. மீதி 400இல் லெனேசியா கோயிலுக்கும் மளிகைக்கும் போய்வரலாம். ஆனால் தைப்பூசக் காவடிக்கு டர்பன் போகாமல் இருப்பீர்களா? போக 570, வர 570. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 740 கிலோமீட்டர் மீறிவிடும். கூடுதல் கிலோமீட்டருக்கு 2 ரேண்ட் என்றால் 1,480. மாதக் கணக்கா, ஒப்பந்தம் முழுவதற்குமான மொத்தக் கணக்கா என்று கேளுங்கள். மொத்தக் கணக்கு என்றால் டர்பன் பயணத்தை மற்ற மாதங்கள் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, திருப்பிக் கொடுக்கும்போது நடக்கிற பரிசோதனை. இங்கே கோடைகாலத்தில், அக்டோபர் முதல் மார்ச் வரை, சாயங்கால இடிமழையோடு ஆலங்கட்டியும் விழும். நான் வந்த முதல் நவம்பரில் அலுவலகத்தின் திறந்த நிறுத்துமிடத்தில் நிறுத்தியிருந்த வாடகைக் காரின் கூரை, அம்மி கொத்தினது போல ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் வாடகையில் சேர்ந்ததுதான். ஆனால் ஒவ்வொரு சேதத்துக்கும் முதலில் நாம் கட்ட வேண்டிய பங்கு ஒன்று உண்டு, அது 9,000 ரேண்ட் என்று அன்றைக்குத்தான் படித்தேன். ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய எண் மாத வாடகை அல்ல, இந்தப் பங்குதான். வண்டி எடுக்கும் நாளில் நான்கு பக்கமும் கூரையும் சக்கரமும் காணொளி எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளிலும் அதையே செய்யுங்கள்.

எஸ்வாட்டினி, லெசோத்தோ, மொசாம்பிக் போக வேண்டுமானால் வண்டிக்குச் சொந்தக்காரரின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடனில் வாங்கிய காருக்கும் வங்கியிடமிருந்து இதே கடிதம் வாங்க வேண்டும், ஆகவே இதில் இரண்டும் சமம்.

வேலை நடுவில் போய்விட்டால், அல்லது திடீரென்று திரும்ப அழைத்துவிட்டால்?

ரென்டல் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தை, 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து நுகர்வோர் முறித்துக்கொள்ளலாம். நிறுவனம் அதற்கு "நியாயமான" அபராதம் கேட்கலாம். மீதி எல்லா மாத வாடகையையும் கட்டு என்று கேட்டால், அது நியாயமா என்று வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது.

கடனில் வாங்கியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் முழுதாக அடைத்துவிடலாம். கடன் தொகை 2,50,000 ரேண்டுக்குக் கீழே இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. அதற்கு மேல் என்றால், மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுக்காதவரிடம் அந்த இடைவெளிக்கு வட்டி கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. சின்னக் கார் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"வண்டியை வங்கியிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. வங்கி அதை விற்று வந்த பணத்தைக் கடனில் கழிக்கும். மீதி பாக்கி இருந்தால் அது உங்கள் தலையில்தான். ஏலத்தில் என்ன விலை வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எந்த வண்டி வாங்கலாம்?

விற்கும்போது இரண்டு நாளில் ஆள் வருகிற வண்டி. சுசுகி ஸ்விஃப்ட், டொயோட்டா ஸ்டார்லெட், வோக்ஸ்வேகன் போலோ விவோ, ஹூண்டாய் கிராண்ட் ஐ10 எல்லாம் அப்படிப்பட்டவை. ஸ்டார்லெட் வேறு யாரும் இல்லை, இந்தியாவில் கட்டப்படும் மாருதி பலேனோதான், பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. கிராண்ட் ஐ10 ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வருகிறது. 1860இல் நம் ஆட்கள் சென்னையிலிருந்து கப்பலேறி டர்பனில் இறங்கியது போல, இப்போது நம் ஊர்க் காரும் வந்துகொண்டிருக்கிறது.

இங்கே இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை என்கிறார்களே?

சட்டப்படி இல்லை. பெட்ரோல் விலையிலேயே ஒரு பங்கு சாலை விபத்து நிதிக்குப் போகிறது. ஆனால் அந்த நிதி ஆட்களுக்குப் படும் காயத்துக்கு மட்டும். நீங்கள் போய் இடித்த இன்னொருவரின் காருக்கு அது ஒரு ரேண்ட்கூடத் தராது. கடனில் வாங்கினால் முழு இன்சூரன்ஸை வங்கியே கட்டாயமாக்கும். ரொக்கத்தில் வாங்குகிறவர்களும் எடுங்கள். திருட்டு இங்கே வெறும் பயமுறுத்தல் இல்லை, சில மாடல்களுக்கு டிராக்கர் பொருத்தினால்தான் இன்சூரன்ஸே கிடைக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன் உங்கள் பழைய காரின் "நோ க்ளெய்ம் போனஸ்" கடிதத்தை வாங்கி வாருங்கள். சில கம்பெனிகள் ஏற்றுக்கொண்டு தவணையைக் குறைப்பார்கள்.

கம்பெனியே கார் தருகிறேன் என்கிறது. அப்போது யோசிக்கவே வேண்டாமா?

வரியை யோசியுங்கள். காரின் விலையில் மாதம் 3.5 சதவீதம் உங்கள் வருமானத்தோடு சேரும். பராமரிப்புத் திட்டத்தோடு வாங்கிய காருக்கு 3.25. இரண்டு லட்சம் ரேண்ட் காருக்கு 7,000. நீங்கள் 36 சதவீத வரம்பில் இருந்தால் மாதம் 2,520 ரேண்ட் வரி. அலுவலக வேலைக்கு ஓட்டியதைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் குறையும். மூன்று வருடக் கணக்கில் வாங்குவதைவிட இதுதான் மலிவு. ஆனால் வேலை போன அன்றைக்கே காரும் போய்விடும்.

கிளம்பும்போது எப்படி விற்பது? கடைசி வாரம் விற்றால் போதாதா?

போதாது. கடனில் இருக்கிற வண்டிக்குப் பதிவுச் சான்றில் "டைட்டில் ஹோல்டர்", அதாவது சட்டப்படிச் சொந்தக்காரர், வங்கிதான். வண்டியை வைத்து ஓட்டுகிற நீங்கள் அதில் வெறும் "ஓனர்". கடனை அடைத்த பிறகு வங்கி அந்தச் சான்றை விடுவிக்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். சான்று கையில் இல்லாத வண்டிக்கு நேரடி ஆள் பணம் கொடுக்கமாட்டார். ஆகவே முடிந்தால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே கடனை அடைத்துச் சான்றை வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால், வங்கியோடு நேரடியாகப் பேசி அடைத்துக்கொள்கிற கார் வாங்கும் நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். அன்றே பணம் தருவார்கள், விலை குறைத்துத்தான் தருவார்கள். கணக்கில் நான் போட்ட 1,20,000க்கும் 1,05,000க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பெயர் மாற்ற "ரோட்வொர்த்தி" சான்று வேண்டும். அது 60 நாளுக்குத்தான் செல்லும், ஆகவே ரொம்ப முன்னாடியும் எடுக்காதீர்கள். விற்ற அன்றே, வண்டி கைமாறியதைத் தெரிவிக்கிற மஞ்சள் நிற என்.சி.ஓ. படிவத்தை நிரப்பி நீங்களே உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள்" என்று வாங்கியவர் சொன்னால் நம்பாதீர்கள். அவர் பதிவை மாற்றுகிற வரை வேக அபராதம் எல்லாம் உங்கள் பெயரில்தான் ஏறும். நாளைக்கு மறுபடி இங்கே வேலை கிடைத்து வந்தால் உங்கள் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண்ணில் அது காத்துக்கொண்டிருக்கும்.

வங்கிக் கணக்கை மூடுவதைக் கடைசியாக வையுங்கள். கார் விற்ற பணத்தை ஊருக்கு அனுப்பும்போது இது எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். வாங்கிய ரசீது, விற்ற ஒப்பந்தம், என்.சி.ஓ. நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, கப்பலில் அனுப்புகிற பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.